விரிவுரை நோட்ஸுக்கு நோஷனில் எத்தனை டேபிள்: ஒன்றா, இரண்டா, மூன்றா?

செமஸ்டர் நோட்ஸை நோஷனில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பாடத்துக்கு ஒரு பக்கம். அதில் தேதி போட்டு ஒவ்வொரு வகுப்பாக எழுத, பக்கம் கீழே நீண்டுகொண்டே போகும். முதல் இன்டர்னல் வரைக்கும் இது போதும். அதற்குப் பிறகு, ஏவிஎல் ட்ரீ எந்த வகுப்பில் நடத்தினார்கள், அதற்காகப் பார்த்த வீடியோ எது, அதை முழுதாகப் படித்தோமா இல்லையா என்று மூன்று கேள்விகள் சேர்ந்து வரும்போது அந்த நீளப் பக்கத்தில் பதில் கிடைக்காது. டேட்டாபேஸாக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

மாற்றுவது என்று முடிவெடுத்த பிறகு வழி மூன்றாகப் பிரிகிறது. வகுப்புகளை ஒரே டேபிளில் போட்டு டாபிக், நிலை, ஆதாரம் மூன்றையும் அதன் புராபர்ட்டிகளாக வைத்துக்கொள்ளலாம். அல்லது டாபிக்குகளுக்குத் தனி டேபிள் போட்டு, வகுப்புகளோடு ரிலேஷன் மூலம் இணைக்கலாம். இன்னும் ஒரு படி போய், புத்தகம், வீடியோ, பழைய வினாத்தாள் எல்லாவற்றுக்கும் மூன்றாவதாக ஒரு டேபிள் வைக்கலாம். இணையத்தில் கிடைக்கும் அழகான மாணவர் டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். பார்த்ததும் கை அதை நோக்கித்தான் போகும். ஆனால் ஒரு பாடத்துக்கு, ஒரு செமஸ்டருக்கு எது தாங்கும் என்பதை ஒரு உண்மையான பாடத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கணினி அறிவியல் மாணவர்கள் மூன்றாவது செமஸ்டரில் படிக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை எடுத்துக்கொள்வோம். 5 யூனிட், 45 பீரியட். லிஸ்டில் தொடங்கி, ஸ்டாக், கியூ, ட்ரீ, கிராஃப் என்று போய், கடைசியில் சார்ட்டிங்கும் ஹாஷிங்கும் வரும். தேர்வில் இரண்டு மார்க் கேள்விகள் 10, பதின்மூன்று மார்க் கேள்விகள் 5, பதினைந்து மார்க் கேள்வி ஒன்று. இந்த வினாத்தாள் அமைப்புக்கும் டேபிள் அமைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே டேபிள்

இதுதான் எளிதானது. ஒரு வகுப்புக்கு ஒரு வரி, அந்த வரியைத் திறந்தால் உள்ளே அன்றைய நோட்ஸ். டாபிக்குக்கு மல்டி-செலக்ட், நிலைக்கு ஸ்டேட்டஸ், ஆதாரத்துக்கு யூஆர்எல் என்று மூன்று புராபர்ட்டி. டாபிக் வாரியாக குரூப் செய்து ஒரு போர்டு வியூ வைத்துக்கொண்டால், இரண்டு டாபிக்கைத் தொடும் வகுப்பு இரண்டு குரூப்பிலும் தெரியும். அரை மணி நேரத்தில் தயார் செய்துவிடலாம். செமஸ்டர் நடுவில் தொடங்குகிறவர்களுக்கும், ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் செய்து பார்க்கிறவர்களுக்கும் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இதன் குறைகளில் சில சின்னவை. மல்டி-செலக்ட் பெயருக்குள் காற்புள்ளி போட முடியாது. போட்டால் அதோடு அந்தப் பெயர் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். அவசரத்தில் `BST` என்று ஒரு நாளும் `Binary Search Tree` என்று இன்னொரு நாளும் அடித்தால் இரண்டு தனித்தனி டேக் உருவாகிவிடும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க ஒரே பெயர் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நடக்காது. ஒரு டேக் உள்ள வரிகளை ஃபில்டர் செய்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மற்ற டேக்கை ஏற்றிவிட்டுத்தான் முதலாவதை நீக்க வேண்டும். யூஆர்எல் புராபர்ட்டியில் ஒரு லிங்க்தான் வைக்கலாம்; இரண்டை ஒட்டினால் அது திறக்காத ஒற்றை லிங்க் ஆகிவிடும். இவையெல்லாம் எரிச்சல்தான், ஆனால் சமாளிக்கக்கூடியவை.

பெரிய குறை நிலையில் இருக்கிறது. இந்த டேபிளில் ஒரு வரி என்பது ஒரு வகுப்பு. ஆகவே 'முடிந்தது' என்று போட்டால் முடிந்தது அந்த வகுப்பின் நோட்ஸ். நீங்கள் தேர்வுக்குப் படிப்பதோ டாபிக் வாரியாக. பைனரி சர்ச் ட்ரீயில் ஒரு மதிப்பைச் சேர்ப்பது 17-வது வகுப்பிலும், நீக்குவது 18-வது வகுப்பிலும், அதே கருத்து ஹாஷிங்கோடு ஒப்பிட்டு 42-வது வகுப்பிலும் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று வரிகளில் இரண்டு முடிந்து ஒன்று பாதியில் இருந்தால், பைனரி சர்ச் ட்ரீ உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? டேபிளில் அந்தப் பதிலைப் போட இடமே இல்லை. மல்டி-செலக்ட் டேக் என்பது வெறும் பெயர். அதற்கென்று பக்கம் கிடையாது, நிலை கிடையாது, கடைசியாக எப்போது படித்தோம் என்ற தேதியும் கிடையாது.

எதற்குத் தனி டேபிள் வேண்டும் என்று தீர்மானிக்க நான் பார்ப்பது இதைத்தான். ஒரு பொருளைப் பற்றி அதன் பெயர் தவிர வேறு எதையாவது எழுதிவைக்க வேண்டியிருக்கிறதா? இருந்தால் டேபிள். இல்லையென்றால் டேக் போதும். யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துதான் இருக்கிறது, செமஸ்டர் முழுக்க மாறாது, 'யூனிட் 3' பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. அது செலக்ட் புராபர்ட்டியாகவே இருக்கட்டும். டாபிக் அப்படி இல்லை.

இரண்டு டேபிள்

வகுப்புகள் ஒரு டேபிள், டாபிக்குகள் ஒரு டேபிள். வகுப்புகள் டேபிளில் 'டாபிக்' என்று ஒரு ரிலேஷன் புராபர்ட்டி சேர்த்து, டாபிக்குகள் டேபிளைக் காட்ட வேண்டும். சேர்க்கும்போது இரண்டு அமைப்பு கேட்கும். `Limit` என்பதை `No limit` என்றே விடுங்கள். ஒரு வகுப்பு இரண்டு டாபிக்கைத் தொடும். `Two-way relation` என்பதை ஆன் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் வகுப்பிலிருந்து டாபிக் தெரியும், டாபிக்கிலிருந்து வகுப்புகள் தெரியாது. பிறகு அது தெரியவில்லையே என்று டாபிக்குகள் டேபிளில் கையால் இன்னொரு ரிலேஷன் சேர்ப்பார்கள். அது முதலாவதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு இணைப்பு. ஒரு பக்கம் நிரப்பியது மறுபக்கம் காலியாகவே இருந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இரண்டாவதாகச் சேர்த்ததை நீக்கிவிட்டு, முதலாவதின் அமைப்பைத் திறந்து அந்த ஸ்விட்சைப் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்த கேள்வி, ஒரு டாபிக் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், டெம்ப்ளேட் எதுவும் இதற்குப் பதில் சொல்வதில்லை. 'ட்ரீ' என்று ஒரு வரி போட்டால் அதில் எட்டு வகுப்பு வந்து விழும், அதன் நிலை எப்போதும் 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்றே இருக்கும். ஏவிஎல் ட்ரீயின் நான்கு ரொட்டேஷனுக்கும் நான்கு வரி போட்டால் டேபிள் நூறு வரியைத் தாண்டும், யாரும் அதைப் பராமரிக்க மாட்டார்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை வினாத்தாளே அளவுகோல் தருகிறது: ஒரு பதின்மூன்று மார்க் கேள்வியாக வரக்கூடியது எதுவோ அது ஒரு டாபிக். ட்ரீ டிராவெர்சல் ஒன்று, பைனரி சர்ச் ட்ரீயில் சேர்த்தலும் நீக்கலும் ஒன்று, ஏவிஎல் ட்ரீ ரொட்டேஷன் ஒன்று, ஹீப் ஒன்று. யூனிட்டுக்கு ஐந்தாறு, மொத்தம் முப்பதுக்குள் அடங்கிவிடும். இரண்டு மார்க் கேள்விகளுக்குத் தனி வரி வேண்டாம்; அவற்றை அந்தந்த டாபிக் பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளலாம். வேறு பாடம், வேறு தேர்வு என்றால் அளவுகோலும் மாறும். சட்டம் படிப்பவருக்கு ஒரு பிரிவோ ஒரு தீர்ப்போ ஒரு வரியாகலாம்.

இப்போது நிலைக்கு வருவோம். இரண்டு டேபிள் ஆனதும் நிலையும் இரண்டாகிறது, இரண்டுக்கும் பொருள் வேறு. வகுப்பு டேபிளில் நமக்குத் தெரிய வேண்டியது நோட்ஸ் ஒழுங்கானதா என்பதுதான். அவசரமாக எழுதியதைத் திருத்தி, விட்டுப்போன படத்தைச் சேர்த்தாயிற்றா? இதற்கு 'திருத்தியாச்சு' என்று ஒரு செக்பாக்ஸ் போதும். டாபிக் டேபிளில் தெரிய வேண்டியது நம் தலைக்குள் என்ன இருக்கிறது என்பது. அதற்கு ஸ்டேட்டஸ் புராபர்ட்டி நல்லது. நோஷனின் ஸ்டேட்டஸில் `To-do`, `In progress`, `Complete` என்று மூன்று குழு இருக்கும். அவற்றுக்குள் நமக்கு வேண்டிய பெயர்களை வைத்துக்கொள்ளலாம். 'தொடவில்லை', 'படித்திருக்கிறேன்', 'பார்க்காமல் எழுதுவேன்' என்று வைத்தால் பொருள் குழம்பாது. 'முடிந்தது' என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. நோட்ஸ் முடிந்ததையும் படிப்பு முடிந்ததையும் அந்த ஒரே சொல்தான் கலக்கிவிடுகிறது.

இங்கே எல்லோருக்கும் ஒரு ஆசை வரும். வகுப்புகளின் நிலையை வைத்து டாபிக்கின் நிலையைத் தானாகக் கணக்கிட முடியாதா? முடியும், இணைந்த வரிகளின் மதிப்புகளைத் திரட்டிக் காட்டும் ரோல்அப் அதற்குத்தான் இருக்கிறது. டாபிக் டேபிளில் ஒரு ரோல்அப் சேர்த்து, 'வகுப்புகள்' ரிலேஷனைத் தேர்ந்தெடுத்து, செக்பாக்ஸுக்கு `Percent checked`, ஸ்டேட்டஸாக இருந்தால் `Percent per group` என்று போட்டு, அதை பார் வடிவில் காட்டச் சொன்னால் பச்சைக்கோடு ஒன்று வளர்ந்துகொண்டே வரும். பார்க்க நன்றாக இருக்கும்.

அந்தக் கோட்டை நம்பினால் ஏமாற்றம்தான். 'ட்ரீ' என்ற பெரிய டாபிக்கையே வைத்திருந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 15 முதல் 22 வரை எட்டு வகுப்பு. ஆறு வகுப்பின் நோட்ஸை முடித்துவிட்டார். ரோல்அப் 75% காட்டுகிறது. மீதி இருக்கும் இரண்டு எவை என்று பார்த்தால், பைனரி சர்ச் ட்ரீயில் நீக்குவதும் ஏவிஎல் ரொட்டேஷனும். அந்த யூனிட்டிலிருந்து பெரிய கேள்வி வரக்கூடிய இடங்களில் இரண்டு அவை. முடித்த ஆறில் மூன்று வகுப்பு வரையறைகளும் அறிமுகமும். ரோல்அப்புக்கு எல்லா வகுப்பும் ஒரே எடை. அது எண்ணும், எடை போடாது. அதோடு, ஒரு வகுப்பு இரண்டு டாபிக்கோடு இணைந்திருந்தால், அதில் டிக் போட்டதும் இரண்டு டாபிக்கிலும் விழுக்காடு ஏறும். இரண்டாவது டாபிக்கை அந்த வகுப்பில் ஐந்து நிமிடம்தான் தொட்டிருந்தாலும்கூட.

ரோல்அப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வேலை 'இந்த டாபிக்குக்கு நோட்ஸ் தயாராக இருக்கிறதா' என்று சொல்வது. 'எனக்குத் தெரிகிறதா' என்பதைக் கையால்தான் போட வேண்டும். இன்னொரு வரம்பும் உண்டு: ரோல்அப்போ ஃபார்முலாவோ ஒரு எண்ணைக் காட்டும், ஆனால் ஸ்டேட்டஸ் புராபர்ட்டிக்குள் எதையும் எழுதாது. விழுக்காட்டுக்குப் பதிலாக, திருத்தாத வகுப்பு எத்தனை இருக்கிறது என்று நேராகப் பார்ப்பதே எனக்குப் பிடித்தது. 2023-இல் வந்த புதிய ஃபார்முலாவில் ரிலேஷனுக்குள்ளேயே போய் எண்ணலாம், நடுவில் ரோல்அப் தேவையில்லை:

```
prop("வகுப்புகள்").filter(not current.prop("திருத்தியாச்சு")).length()
```

புராபர்ட்டி பெயர்களைத் தமிழில் வைத்தாலும் ஃபார்முலா வேலை செய்யும். 2 என்று வந்தால் இரண்டு வகுப்பின் நோட்ஸ் இன்னும் கரடுமுரடாகக் கிடக்கிறது என்று பொருள். 75% என்பதைவிட இந்த 2 உங்களை மேசையில் உட்காரவைக்கும்.

டாபிக் டேபிளில் இன்னொரு புராபர்ட்டி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'கடைசியாகப் படித்தது' என்று ஒரு தேதி. ஒரு வாரத்துக்கு மேல் தொடாத டாபிக்குகளைக் காட்டும் வியூ ஒன்றை வைத்தால், ரிவிஷனுக்கு வேறு பட்டியல் தேவையே இல்லை. அந்த ஃபில்டரைப் போடும்போது கவனம் வேண்டும். 'ஒரு வாரத்துக்கு முன்' என்று மட்டும் போட்டால் தேதியே போடாத டாபிக்குகள் அதில் வராது. இதுவரை தொடாதவைதானே முதலில் தெரிய வேண்டும்? `is empty` என்பதையும் 'அல்லது' என்று சேர்த்து ஒரே ஃபில்டர் குழுவாகப் போட வேண்டும். வியூவில் நான்கே நான்கு டாபிக் இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது டாபிக்கை இணைக்க முயல வேண்டாம். போனில் ரிலேஷன் தேடி இணைப்பது நோட்ஸ் எழுதும் வேகத்தோடு ஒத்துப்போகாது. வகுப்பு டேபிளில் 'டாபிக் காலி' என்று ஃபில்டர் போட்ட ஒரு வியூ இருந்தால், சாயங்காலம் அதைத் திறந்து அன்றைய வரிகளை இணைத்துவிடலாம். வியூ காலியானால் வேலை முடிந்தது.

மூன்று டேபிள்

ஆதாரங்களையும் டேபிளாக்கினால் என்ன கிடைக்கும்? என்பிடெல் வீடியோத் தொடர் ஒன்று, பாடநூல் ஒன்று, சீனியரின் நோட்ஸ் பிடிஎஃப் ஒன்று, பழைய வினாத்தாள்கள். ஒவ்வொன்றும் ஒரு வரி. வகை, லிங்க், பார்த்தாயிற்றா என்ற செக்பாக்ஸ், எந்தெந்த டாபிக்குக்கு உதவும் என்ற ரிலேஷன். லிங்க் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், எல்லா டாபிக்கிலும் மாறிவிடும். ஒரே ஆதாரம் பல டாபிக்குக்கு வரும்போது இது உண்மையிலேயே வசதி.

ஆனால் செய்து பார்த்தவர்கள் சில நாட்களில் ஒரு சுவரில் முட்டுவார்கள். பாடநூல் ஒரு வரி. அது இருபது டாபிக்கோடு இணைந்திருக்கிறது. ஏவிஎல் ட்ரீ டாபிக்கைத் திறந்தால் 'பாடநூல்' என்று தெரிகிறது. எந்தப் பக்கம்? அதை எங்கே எழுதுவது? பாடநூல் வரியில் எழுதினால் அது இருபது டாபிக்குக்கும் பொதுவாகிவிடும். இணைப்பின் மேலேயே எழுதலாம் என்றால், நோஷனில் ரிலேஷனுக்கென்று சொந்தமாக எந்தப் புராபர்ட்டியும் கிடையாது. இரண்டு வரிகளை இணைக்கும், அவ்வளவுதான். இந்த டாபிக்குக்கு இந்தப் புத்தகத்தில் இந்தப் பக்கம் என்ற தகவல் டாபிக்குக்கும் சொந்தமில்லை, புத்தகத்துக்கும் சொந்தமில்லை. இரண்டும் சேரும் இடத்துக்குச் சொந்தம். வீடியோவில் எத்தனையாவது நிமிடம் என்பதும் அப்படித்தான். படிக்கும்போது நமக்கு உண்மையில் வேண்டியதோ அந்தப் பக்க எண்ணும் நிமிடமும்தான்.

இதற்கு முறையான தீர்வு நடுவில் நான்காவது டேபிள் வைப்பது: ஒரு டாபிக், ஒரு ஆதாரம், ஒரு பக்க எண் சேர்ந்தால் ஒரு வரி. அலுவலக டேட்டாபேஸ்களில் அப்படித்தான் செய்வார்கள். ஒரு மாணவர் தன் நோட்ஸுக்கு அதைச் செய்தால் படிப்பதைவிட வரி நிரப்புவதற்கே நேரம் சரியாகிவிடும். அதைவிட எளிய வழி, ஆதார வரிகளைச் சின்னதாக்குவது. 'பாடநூல்' என்று ஒரு வரி வேண்டாம், 'பாடநூல், அத்தியாயம் 4' என்று வைப்பது. முழுத் தொடர் ஒரு வரி வேண்டாம், ஒரு வீடியோ ஒரு வரி. அப்போது பக்க எண்ணோ நிமிடமோ கொஞ்சம் நெருங்கிவிடும். விலை என்னவென்றால் வரிகள் பெருகும்.

இவ்வளவு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இன்னும் எளிதாக ஒன்று உண்டு, நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். இரண்டு டேபிளோடு நிறுத்திக்கொண்டு, டாபிக் பக்கத்துக்குள்ளேயே 'எங்கே படிக்கலாம்' என்று ஒரு தலைப்பு போட்டு, கீழே சாதாரணமாக எழுதுங்கள்: புத்தகத்தின் பெயர், பக்கம், வீடியோ லிங்க், 'பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து பார், அதற்கு முன் இருப்பது நமக்குத் தெரிந்ததுதான்' என்று ஒரு வரி. இந்த மாதிரிக் குறிப்பை எந்தப் புராபர்ட்டியும் தாங்காது. புராபர்ட்டி என்பது வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் இருப்பது. ஆதாரங்களை வகைவாரியாக வடிகட்டிப் பார்க்கும் தேவை உங்களுக்கு எத்தனை முறை வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டாபிக்கைத் திறந்ததும் லிங்க் கண்ணில் பட்டால் போதும் என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

மூன்றாவது டேபிள் யாருக்குப் பொருந்தும் என்றால், ஆதாரங்களே பாடமாக இருப்பவர்களுக்கு. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் முதுநிலை மாணவருக்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, படித்த நிலை, சொந்தக் குறிப்பு என்று எழுத நிறைய இருக்கிறது. கேட் தேர்வுக்கு ஒரே நேரத்தில் பல பாடங்களைப் படித்து, பழைய வினாத்தாள்களை ஆண்டுவாரியாகத் தீர்த்துக்கொண்டு போகிறவருக்கும் அப்படித்தான். பெயரைத் தவிர எழுத வேறு ஏதாவது இருக்கிறதா என்ற அதே சோதனையில் இவர்களின் ஆதாரங்கள் தேறிவிடுகின்றன.

கோப்புகளைப் பற்றி ஒன்று. நோஷனின் இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் ஏறாது. போனில் ஸ்கேன் செய்த இருபது பக்கப் பிடிஎஃப் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் ஃபைல் புராபர்ட்டியை நம்பித் திட்டம் போடாமல், கோப்பை கூகுள் டிரைவில் வைத்து லிங்கை மட்டும் ஒட்டுவது நல்லது. லிங்கை ஒட்டும் முன் டிரைவில் பகிர்வு அனுமதியைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது

ஒரே டேபிளில் தொடங்கிவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். முதலில் டாபிக்குகள் டேபிளை உருவாக்கி, முப்பது பெயரையும் அடித்துவிடுங்கள். வகுப்பு டேபிளில் ரிலேஷனைப் புதிய புராபர்ட்டியாகச் சேர்க்க வேண்டும். பழைய மல்டி-செலக்ட்டின் வகையை மாற்றப் போக வேண்டாம், பழையது அப்படியே இருக்கட்டும். பிறகு டேக் வாரியாக குரூப் செய்து, ஒரு குரூப்பில் முதல் வரிக்கு மட்டும் டாபிக்கை இணைத்து, அந்தக் கட்டத்தை நகலெடுத்து, அதே குரூப்பின் மற்றக் கட்டங்களில் ஒட்டினால் வேலை வேகமாகும். இரண்டு டேக் உள்ள வரிகளில் மட்டும் ஒட்டாமல் கையால் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஒட்டுவது ஏற்கெனவே இருந்த இணைப்பை மாற்றிவிடும். எல்லாம் முடிந்ததும் 'டேக் இருக்கிறது, டாபிக் காலி' என்று ஒரு ஃபில்டர் போட்டுப் பாருங்கள். ஒரு வரியும் வரவில்லை என்றால் பழைய டேக் புராபர்ட்டியை நீக்கலாம்.

இன்னும் நீளப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு, ஒவ்வொரு வகுப்பையும் தனித்தனியாக வெட்டி ஒட்டுவது அலுப்பான வேலை. தேதித் தலைப்பு சாதாரணத் தலைப்பாக இருந்தால் அதைப் பக்கமாக மாற்றும்போது கீழே உள்ள நோட்ஸ் கூட வராது, தலைப்பு மட்டும்தான் போகும். முதலில் அதை டாகிள் தலைப்பாக மாற்றி, அந்த வகுப்பின் நோட்ஸை அதற்குள் இழுத்துப் போட்ட பிறகு பக்கமாக மாற்றினால் உள்ளே இருப்பதும் சேர்ந்து வரும். அந்தப் பக்கத்தை டேபிளுக்குள் இழுத்துவிட்டால் ஒரு வரியாகிவிடும். ஒரு வகுப்பை மட்டும் மாற்றிப் பார்த்து, உள்ளே நோட்ஸ் இருக்கிறதா என்று திறந்து உறுதி செய்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

டாபிக் பக்கத்துக்கு டெம்ப்ளேட் வைக்க நினைப்பவர்கள் அதை முப்பது வரிகளை நிரப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு டெம்ப்ளேட்டில் என்ன மாற்றினாலும் அது புதிதாக உருவாகும் பக்கங்களுக்குத்தான், பழையவை அப்படியே நிற்கும். டெம்ப்ளேட்டுக்குள் 'எங்கே படிக்கலாம்', 'இரண்டு மார்க்', 'குழப்பம்' என்று மூன்று தலைப்பு போதும். வகுப்புகளின் பட்டியலை அதற்குள் திரும்ப வைக்கத் தேவையில்லை. ரிலேஷனே பக்கத்தின் மேலே அதைக் காட்டிவிடும்.

நண்பர்களோடு சேர்ந்து வைத்துக்கொள்வது

ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வகுப்பு நோட்ஸைப் பொறுத்தவரை தாராளமாக. ஒருவர் வராத நாளில் இன்னொருவர் எழுதியது உதவும். இலவசத் திட்டத்தில் ஒருவரின் ஒர்க்ஸ்பேஸில் மற்றவர்களை விருந்தினராகச் சேர்ப்பதே நல்லது. உறுப்பினராகச் சேர்த்தால் அந்த ஒர்க்ஸ்பேஸில் எத்தனை பிளாக் எழுதலாம் என்பதற்கு வரம்பு வந்துவிடும்.

சிக்கல் டாபிக்கின் நிலையில் வரும். ஒரு வரிக்கு ஒரு ஸ்டேட்டஸ்தான். நால்வரில் ஒருவர் 'பார்க்காமல் எழுதுவேன்' என்று போட்டால் மற்ற மூவரின் ரிவிஷன் பட்டியலிலிருந்தும் அந்த டாபிக் மறைந்துவிடும். நால்வருக்கும் நான்கு ஸ்டேட்டஸ், நான்கு தேதி என்று எட்டுப் புராபர்ட்டி சேர்க்கலாம். ஆளுக்கொரு வியூ வைத்து மற்றவர்களுடையதை மறைக்கலாம். நான்கு பேர் வரை அது ஓடும். அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் வகுப்புகள் டேபிளை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டு, டாபிக் டேபிளை அவரவர் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் இரண்டையும் இணைக்கும் ரிலேஷன் கிடையாது, ஒர்க்ஸ்பேஸைத் தாண்டி ரிலேஷன் போகாது. வகுப்புப் பக்கத்தின் லிங்கை டாபிக் பக்கத்துக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.